தம்பியின் இரண்டாவது விருப்பப்பாடம்

நான் எட்டாவதோடு நின்றவள். ஆவடியில் ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் மிஷின் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டில் நானும் தம்பியும். தம்பி பி.ஏ. வரலாறு. கலெக்டர் பரீட்சை எழுதினான்.

அந்தப் பரீட்சையில் முதல் கட்டம் தாண்டினால், அடுத்த கட்டத்துக்கு இரண்டு விருப்பப்பாடம் எடுக்க வேண்டும். ஒன்று வரலாறு. அது அவன் படித்தது. இரண்டாவதாகத் தமிழ் இலக்கியம் எடுக்க ஆசைப்பட்டான். எதிர் பிளாக்கில் சூப்பர்வைசர் மகன் இருந்தான். அவனும் எழுதுகிறவன், தம்பிக்கு மூத்தவன். அவன் தடுத்தான்.

"தமிழா? அதுல மார்க்கே போட மாட்டான் மச்சான். ஜியாகிரபி எடு. என் நோட்ஸ் முழுக்க உனக்குத்தான். வேற இன்னா வேணும்?"

நோட்ஸ் கிடைக்கும் என்றுதான் தம்பி புவியியல் எடுத்தான். முதல் கட்டம் தாண்டியதும் போய்க் கேட்டான். "வேற ஒருத்தன் வாங்கினு போயிட்டான் மாமே" என்றான். தம்பி தனியாக முட்டி மோதினான். புவியியலில்தான் விழுந்தான்.

ஒருநாள் சூப்பர்வைசர் மகனின் அம்மாவுக்குத் தைத்த ரவிக்கையைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டுகள் ஒன்பது இருந்தன. மேல் நோட்டில் ஜியாகிரபி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். ரவிக்கையை வைத்துவிட்டு வந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பரீட்சை தம்பிக்குக் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை நானும் உட்கார்ந்தேன். பாடத்திட்டப் புத்தகத்தை விரித்துவைத்து, தையல் டேப்பால் ஒவ்வொரு பாடத்தையும் அளந்தேன். எது நீளம், எது குட்டை என்று பார்த்தேன். தம்பி சிரித்தான்.

"அக்கா, தமிழ்ல இந்த ஒரு வரி ஒரு தடி புஸ்தகம். இன்ச்சு கணக்கு இங்க செல்லாது."

"சரி. நீ வரிவரியாப் படி. ஏற்கெனவே படிச்சது எதுன்னு சொல்லு."

அவன் படித்தான். எல்லாரும் எழுத வேண்டிய பொதுப்பாடத்திலும் வருகிற வரிகளுக்கு நான் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். அரசியலிலும் பொது நிர்வாகத்திலும் கோடு நிறைய விழுந்தது. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்றும் ஒத்துப்போயின.

"வரலாறையும் விட்டுட்டு இந்த ரெண்டையும் எடேன். ஒரு படிப்பு, ரெண்டு பாடம்" என்றேன்.

தம்பி பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்காட்டினான். சில பாடங்களைச் சேர்த்து எடுக்கக் கூடாது. அரசியலும் பொது நிர்வாகமும் அதில் ஒரு ஜோடி.

வரலாறு முதல் கட்டத்துக்கும் உதவியது, அதனால் அதை விடவில்லை. இரண்டாவதாகத் தமிழ் என்று முடிவானது. அவனுக்கு ஆசை இருந்தது. அம்பத்தூரில் ஒரு விரிவுரையாளர் ஞாயிறுதோறும் விடைத்தாள் திருத்தித் தந்தார். ஆசையும் ஆளும் இருந்தால் தடி புஸ்தகம் ஆகட்டும் என்றேன்.

அந்தத் தடவை தம்பியும் சூப்பர்வைசர் மகனும் முதல் கட்டம் தாண்டினார்கள். அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. எதிர் பிளாக்காரன் கவரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றான். தம்பி டேப்பைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறான்.

"இன்னாக்கா, கையில டேப்பு கீதா? சிலபஸுக்கு ஜாக்கெட் தைக்கிறியாமே!"

நான் அவன் கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

"உன் தம்பி தமிழக் கட்டிகினு அழட்டும். நான் ஜியாகிரபிய விட்டுட்டேன், இப்ப அரசியலும் பப்ளிக் அட்மினும். பாதிக்குப் பாதி ஒண்ணே. எவனுக்கும் தோணாத ஐடியா."

"புஸ்தகம் பாத்தியா?" என்றேன்.

"ஃபிரெண்டு சிலபஸ டைப் அடிச்சுக் குடுத்துட்டான். புஸ்தகம்லாம் உன் தம்பிக்கு."

பொடி எழுத்து அந்த டைப் தாளில் இல்லை என்று புரிந்தது. ஒரு வார்த்தை போதும். கவரைப் பிரித்து வேறு பாடம் எழுதியிருப்பான். நீல அட்டைகள் ஒன்பதும் கண்முன் வந்தன.

"போஸ்ட் ஆபீஸ் மூடிடுவான். சீக்கிரம் போ" என்றேன். பஸ் வந்தது. ஏறிப்போனான்.

அவன் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அவனுக்கும் அது கடைசி வாய்ப்பு, வயது முடிந்துவிட்டது என்று அவன் அம்மா குழாயடியில் அழுதாள். நான் குடத்தை நிரப்பினேன்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன், அலமாரியில் பார்த்ததையும் சேர்த்து. அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான்.

"தெரிஞ்சே அனுப்பினியா?"

"தெரிஞ்சேதான்."

"அவன் பண்ணது வேற, இது வேறக்கா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு."

எழுந்து போய்ப் படித்தான். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பரீட்சை எழுதினான். தமிழ் கைவிடவில்லை. டெல்லிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கலெக்டர் ஆகவில்லை. கணக்குத் தணிக்கையில் அதிகாரி ஆனான்.

எதிர் பிளாக்காரன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவான். அன்றைக்கு நான் புஸ்தகம் பாத்தியா என்று கேட்டது ஏன் என்று அவனுக்குப் புரிந்திருக்கும். தம்பி லீவில் வந்தால் அவனோடு நின்று பேசுவான். நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். கூப்பிடமாட்டேன். வருத்தம் இருக்கிறதா என்று தம்பி ஒருமுறை கேட்டான். இல்லை என்றேன். இன்றைக்கும் இல்லை.