ஆறிய சட்டியில் வைத்த வாத்துக்கறி

பல வருடம் தயங்கிவிட்டு, கர்த்தரைச் சாட்சியாக வைத்து இதை எழுதுகிறேன். பெங்களூர் ஹோட்டலில் மூத்த சமையல்காரர் வேலைக்கு அன்று எனக்குச் சோதனை. வாத்தின் நெஞ்சுக்கறியைத் தோல் கீழாக ஆறிய சட்டியில் வைத்து, பிறகுதான் சிறுதீ மூட்டினேன். கால்மணி நேரம்போலக் கொழுப்பு உருகித் தோல் மொறுமொறுப்பானதும் திருப்ப வேண்டும். கறியின் நடுவில் சூடு ஐம்பத்தைந்து டிகிரி வந்தால் இறக்கலாம். தெர்மாமீட்டர் எடுத்துவரப் போனேன். திரும்பினால் தீ முழுசாக எரிந்தது. தோல் கருகி, அதனடியில் கொழுப்பு உருகாமல் வெள்ளையாக நின்றது.

"சட்டிய காயவெச்சா போட்ட?" என்று சோதனை வைத்த செஃப் கேட்டார்.

தங்கவயலிலிருந்து தினமும் என்னோடு ரயிலேறும் நண்பனும் அதே வேலைக்குச் சோதனைக்கு நின்றிருந்தான். ஆறிய சட்டியில் நான் வைத்ததைப் பார்த்தவன், முந்திக்கொண்டான். "ஆமா சார், நான் அப்பவே வேணாம்னேன்."

வேலை அவனுக்குப் போனது. சாயங்கால ரயிலில் எனக்கு இடம் பிடித்திருந்தான். "வா மச்சான், இன்னா மூஞ்சி அது?"

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அவன் தீயைக் கூட்டினான் என்று சேர்க்க வேண்டாம். அதை நான் பார்க்கவில்லை. அவன் சொன்ன பொய்யைத்தான் கேட்டேன். அதை மட்டும் அப்படியே சொல்லுங்கள்.