தொகுதியில் தொலைந்த ஆறு

பதுளையில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நானும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். அதனால்தான் அன்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். f(x) = x² − 3x + 2, g(x) = (x+1)/(x−1). f(g(x))-ஐ ஒரே பின்னமாகச் சுருக்க வேண்டும். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில் பலகையில் செய்து காட்டினேன். கீழே பகுதி (x−1)². மேலே தொகுதி (x+1)² − 3(x+1)(x−1) + 2(x−1)². விரித்தேன், x² எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. −2x/(x−1)² என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி எழுந்தாள். அவளுடைய விடை (6−2x)/(x−1)². அதற்கு நான் பிழை என்று போட்டிருந்தேன்.

"டீச்சர், x-க்கு ரெண்டு போட்டுப் பாருங்களேன்."

"நேரமில்ல. இந்தத் தோட்டத்து அவசரத்த மொதல்ல விடு. குறிய ஒழுங்கா பாரு."

டவுன் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் மனதுக்குள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். g(2) மூன்று. f(3) என்றால் ஒன்பதில் ஒன்பது போய், இரண்டைக் கூட்டினால் இரண்டு. அவள் விடையிலும் இரண்டு வந்தது. என்னுடையதில் −4. −3(x²−1)-ஐ விரிக்கும்போது +3 எழுத வேண்டிய இடத்தில் −3 எழுதியிருக்கிறேன். 1, 3, 2 கூட்டினால் ஆறு. என் கணக்கில் அது பூச்சியமாகிவிட்டது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தேன். "சரிங்க டீச்சர்" என்று தாளை வாங்கிக்கொண்டாள். மற்றவர்களின் கொப்பிகளில் என் பிழை அப்படியே கிடக்கிறது என்று தெரிந்தும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் மனம் கேட்காமல் பலகைக்கு முன்னால் நின்றேன். "போன கிழமை நான் செஞ்சது பிழை. கொப்பிய எடுத்துத் திருத்துங்க."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. முன் வாங்கில் இருந்த பிள்ளையின் கொப்பியைக் குனிந்து பார்த்தேன். என் −3-க்கு மேல் பென்சிலால் +3, கீழே (6−2x). அடுத்த கொப்பியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"எப்ப திருத்துனீங்க?"

"அன்னைக்கே டீச்சர். அவதான் சொல்லிக் குடுத்தா. நீங்க சங்கடப்படுவீங்க, கேக்க வேணாம்னு சொன்னா."

ஒரு வாரமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள்போல் நடித்தது நான் ஒருத்திதான்.

அவளிடம் திரும்பி, "தோட்டம்னு சொன்னதுக்கு என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

"குறி பிழைக்கிறது எல்லாருக்கும் நடக்கிறதுதானே டீச்சர்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டது குறிக்கு அல்ல. அது அவளுக்கும் தெரியும். அந்த வார்த்தையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.