ஐம்பது சொற்களுக்குள் அடங்காத காரணம்

என் ஆய்வேட்டின் சுருக்கத்தை மூன்று படிவங்களுக்காக மூன்று அளவில் எழுத வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்நூறு சொல். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு நூற்றைம்பது. அந்த வருடத்து ஆய்வேடுகளின் பட்டியலாக அச்சிடப்படும் சிறு நூலுக்கு ஐம்பது. எல்லாம் ஒரே வாரத்தில் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றிலும் ஆய்வை வழிநடத்திய பேராசிரியரின் கையொப்பம் வேண்டும்.

அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். கொட்டகலையில் கணவருக்குக் கொடுத்திருந்த ஆசிரியர் விடுதியில் இருந்தோம். ஆய்வும் குழந்தைகளைப் பற்றியதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார் கைக்குழந்தைகளைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். நடுக்காலையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது ஏற்பாடு. ஆனால் பல குழந்தைகளுக்கு அந்தப் பால் கிடைப்பதில்லை. ஏன் என்பதே என் கேள்வி.

ஆங்கிலத்தில் எழுதி, பத்துச் சொல்லுக்கு ஒரு பென்சில் கோடு போட்டு எண்ணினேன். தலைப்பு கணக்கில் சேருமா என்று படிவத்தில் இல்லை. சேரும் என்றே வைத்துக்கொண்டேன். முந்நூற்றில் எல்லாம் இருந்தது. நூற்றைம்பதில் பின்னணி போயிற்று, தாய்மாரிடம் விசாரித்த முறை ஒரு வரியாயிற்று. ஐம்பதில் கேள்வியும் முடிவும் மட்டும் மிஞ்சின. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐம்பது. பெருமையாகக்கூட இருந்தது.

பேராசிரியர் மூன்றிலும் கையொப்பமிட்டு அனுப்பினார். முதல் இரண்டையும் கணவர் தபாலில் சேர்த்துவிட்டார். ஐம்பது சொல் தாள் மட்டும் உறை போதாமல் மேசையில் கிடந்தது.

மகளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பக்கத்து லயத்தவர். ஆய்வுக்காக என்னிடம் பேசிய தாய்மாரில் அவரும் ஒருவர். மேசையைத் துடைத்தபடியே கேட்டார்:

"எங்க பேச்சு இதுல இருக்கா டீச்சரம்மா? வாசிங்க, இங்கிலீசுல நாங்க எப்புடி இருக்கோம்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னேன். "தாய்மார் நடுக்காலையில் வராததால் குழந்தைகளுக்குப் பால் தவறுகிறது."

அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"அப்ப நாங்க கொழுப்பெடுத்து வராம இருந்தோமா? கொழுந்து நிறுக்குற தராசுக்கிட்ட கணக்கப்புள்ள எங்கள வரிசையில நிக்க வச்சது எங்க? மேமலையிலருந்து ஓடி வர்ற தூரம் எங்க?"

"அதெல்லாம் பெரிய தாள்ல இருக்குக்கா."

"பெரிய தாள யாரு படிப்பா? சின்னத் தாளத்தானே எல்லாரும் படிப்பாங்க?"

எனக்கு முகம் வெந்தது. வெட்டும்போது முதலில் கழன்றது காரணம்தான். அது போனதும் பழி தானாக வந்து தாய்மார்மேல் உட்கார்ந்துவிட்டது. அதை எழுதியவளும் ஒரு தாய்.

திருத்தினால் மறுபடி கையொப்பம் வேண்டும். தபாலில் அனுப்பி வாங்கினால் கெடு தப்பும். விட்டுவிடலாமா, ஐம்பது சொல்தானே என்று காலையெல்லாம் குழம்பினேன். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் இருந்த பேராதனைக்கு ரயில் ஏறினேன்.

வட்டவளை தாண்டும்வரை எண்ணியபடியே வந்தேன். மகள் சிணுங்கும்போதெல்லாம் எண்ணிக்கை தவறும், முதலிலிருந்து தொடங்குவேன். 'இவ்வாய்வின் நோக்கம் யாதெனில்' என்பது போன்ற தொடக்கம் மட்டும் ஒன்பது சொல்லைத் தின்றிருந்தது. அதை எடுத்தேன். தலைப்பிலேயே இருந்த விவரத்தை மறுபடி சொன்ன வரியையும் எடுத்தேன். அச்சிடுபவர்கள் இடம் போதாமல் வால்பக்கம் வெட்டினால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் காரணத்தை முதல் வாக்கியத்துக்கே கொண்டுவந்தேன்: தூரமும் கொழுந்து நிறுக்கும் வரிசையும் தாய்மாரை மலையிலேயே நிறுத்திவிடுகின்றன.

பேராசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"பழையதில் நானும் கையெழுத்துப் போட்டேனே" என்றார் மெதுவாக. பிறகு புதியதில் ஒப்பமிட்டார். அங்கிருந்தே தபாலில் சேர்த்தேன்.

திரும்பும் ரயிலில்தான் நூற்றைம்பது சொல் பிரதி நினைவுக்கு வந்தது. பையிலிருந்த கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் தூரம் இருந்தது. நிறுக்கும் வரிசை இல்லை. எப்போது வெட்டினேன் என்றே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்ததும் மாநாட்டுக்காரர்களுக்குத் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து இரண்டு நூல்களும் வந்தன. பட்டியலில் என் ஐம்பது சொல்லும் அப்படியே இருந்தன. மாநாட்டு நூலில் தூரம் மட்டும்.

இரண்டையும் அக்காவுக்கு வாசித்துச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. அவர் என் மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுல உள்ளதச் சொல்லிட்டீங்க. இன்னொண்ணுல மலைமேல பழியப் போட்டுட்டீங்க. போகட்டும் டீச்சரம்மா, மலை சண்டைக்கு வராது. கணக்கப்புள்ளதான் தப்பிச்சிட்டாரு."