வெட்டி அனுப்பிய கோடு

தையல் ஆலையில் மூன்றாம் வரிசையின் மேற்பார்வையாளரை எல்லோரும் லைன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பட்டன் தைக்கச் சேர்ந்து, காஜா, கை, காலர் என்று ஒவ்வொரு இயந்திரத்திலும் உட்கார்ந்து எழுந்தவள். அதிகம் பேசமாட்டாள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வாள். அன்று காலை கைபேசியில் வந்ததற்கோ முகமே இல்லை.

மேலாளர் மாத அறிக்கையிலிருந்து ஒரு வரைபடத்தை வெட்டி அனுப்பியிருந்தார். கூட ஒரு சொல் இல்லை. கீழே நான்கு வாரங்கள். மூலையில் 'குறைபாடு, வரிசை 3'. சிவப்புக் கோடு மூன்றாவது வாரத்தில் செங்குத்தாக ஏறி, இறங்காமல் நின்றது. இடப்பக்க எண்கள் வெட்டில் போயிருந்தன.

மூன்றாவது வாரம்தான் காலர் இயந்திரத்துக்குப் புதிய பெண் வந்தாள், கைக்குழந்தைக்காரி. அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று லைன் அக்கா அன்று மாலைக்குள் மேலாளரிடம் சொல்லியாக வேண்டும்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" இஸ்திரி மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஓ, இதுவா. புதுசா வந்தவள அனுப்புங்கறார். சொல்ல வாய் வரல, படம் காட்டறார்."

"அப்படின்னா எழுதியிருப்பாரே அண்ணே."

"மேலிடம் எங்க எழுதும்? நாமதான் மோப்பம் பிடிச்சுக்கணும்."

"நீங்க பிடிங்க. அங்க சட்டை கருகுது."

அவர் ஓடினார். அவள் படத்தை மறுபடி பார்த்தாள். திட்ட நினைத்தவர் மற்ற வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, நீதான் மோசம் என்று காட்டியிருப்பார். இவர் அவற்றை வெட்டிவிட்டு, வாரங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்கிறாரோ? யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறதோ?

அந்த வாரம் இன்னொன்றும் நடந்திருந்தது. குறை இருக்கிறதா என்று பத்துக்கு ஒரு சட்டை பார்த்ததை நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்கச் சொன்னவள் அவளேதான்.

ஊகித்துக்கொண்டு நிற்பதைவிடக் கேட்பது மேல் என்று மேலாளருக்குக் கைபேசியில் தட்டினாள்: "சார், மூணாவது வாரம் ஏன் ஏறுச்சுன்னு கேக்கறீங்களா? இது எண்ணிக்கையா, நூத்துக்கு எத்தனையா?"

"ஆமா, அதேதான். மதியம் கூட்டத்துல என்னைக் கேப்பாங்க. இது எண்ணிக்கை."

"அப்போ ஏறத்தான் செய்யும் சார். அந்த வாரத்துலேருந்து எல்லாச் சட்டையையும் பாக்கறோம். நூத்துக்குப் போட்டுத் தரேன்."

சோதனைத் தாள்களை வைத்துக் கணக்குப் போட்டாள். முன்பு நூற்றுக்கு எட்டு, இப்போது ஒன்பது. கூடிய அந்த ஒன்று காலரில் இருந்தது. எட்டு என்றே எழுதிவிடலாமா என்று விரல் ஒரு கணம் தயங்கியது. எதிரே காலர் பெண் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது என்றே அனுப்பினாள். காலர் என்பதையும் சேர்த்தாள்.

"சரி. அந்தப் பொண்ணு இருக்கட்டுமா, வேணாமா?"

"இருக்கட்டும் சார்," என்று தட்டிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு காலர் இயந்திரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முனை திருப்பற எடத்துல துணிய இழுக்கற நீ. இழுக்காத. அதுவா வரட்டும்."