இதய வடிவத்துக்குள் அகப்படாத கைகள்

பாலையூற்று மக்டலினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைக் காட்டினாலும் அதில் உள்ள பிழையைத்தான் முதலில் காண்பாள். பங்குத் தந்தையின் அங்கியில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தால், பூசை முடியும்வரை அவள் கண் அந்தப் பொத்தானை விட்டு அசையாது. பிறவியிலேயே காது கேளாது. கேளாத காதுக்குப் போக வேண்டிய கவனமும் சேர்ந்து கண்ணுக்கே வந்துவிட்டது போலும்.

துறைமுகப் பக்கம் பருப்பு மூட்டை கட்டும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பதினொரு வருடமாக அங்கே அவளுக்கு மூட்டை வாய் தைக்கிற வேலை. கப்பலில் வந்த பருப்பு ஒரு பக்கத்தால் கொட்டும், ஓடும் பெல்ட்டில் மூட்டையாய் நகர்ந்து வரும், அவள் தைத்து அனுப்புவாள். அறுபத்திரண்டு பேரில் ஐந்து பேர் காது கேளாதவர்கள். மெஷின் இரைச்சலில் மற்ற ஐம்பத்தேழு பேருக்கும் ஒன்றும் கேட்பதில்லை என்பதை நிர்வாகம் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சண்டை திரும்பவும் முற்றி, வீதிக்கு வீதி சோதனைச் சாவடி முளைத்திருந்த காலம். வேறெங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவனின் கை பெல்ட்டுக்குள் போய்விட்டது. உடனே கொழும்பிலிருந்து காகிதம் வந்தது: எல்லாத் தொழிலாளரும் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ பார்த்து, சோதனையில் சித்தியடைய வேண்டும், அடையாதவர் மெஷினுக்குக் கிட்டப் போகக் கூடாது.

பாதுகாப்பு அதிகாரி குலசிங்கம் நல்ல மனுசன். நல்ல மனுசர் செய்கிற அநியாயத்துக்குக் குரல் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். மக்டலினின் தங்கை அருள்மலரைக் கூப்பிட்டு, அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, அக்காவுக்கு எப்படியாவது விளங்கப்படுத்து. வீடியோவில கதைக்கிறது அவையளுக்குக் கேக்காது. சோதனையில சித்தியடைய ஏலாது. ஐஞ்சு பேரையும் நிப்பாட்டத்தான் வேணும். எனக்கும் கவலைதான்."

அருள்மலர் காது கேட்கும் பிள்ளை. தவழ்கிற வயதிலேயே அக்காவோடு கையால் சண்டை பிடித்து வளர்ந்தவள். குலசிங்கம் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல், கவலை உட்பட, கையால் சொன்னாள்.

மக்டலினின் கைகள் பதில் சொன்ன வேகத்தில் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தப்பியது புண்ணியம்.

"என்னவாம்?" என்றார் குலசிங்கம்.

"வீடியோவின்ர ஒரு பக்கத்தில கைமொழி போடட்டாம் சேர். நான் கையால சொல்ல, அவையள் பார்ப்பினமாம். அப்பவும் ஐஞ்சு பேரும் சித்தியடையாட்டி தானே தன்ர வேலைச் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தருவாவாம்."

"இவ்வளவுதான் சொன்னவவோ? கை நிறைய ஆடினதே."

"மிச்சம் உங்களைப் பற்றி சேர்."

குலசிங்கம் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தவணை கொடுத்தார்.

அன்புவழிபுரத்தில் பாக்கியரத்தினத்தின் ஸ்டூடியோ. திருகோணமலையில் தாலி ஏறிய கழுத்தில் பாதி அவருடைய கமெராவுக்குள்ளால் போனவை. கம்பனியின் பன்னிரண்டு நிமிட வீடியோவை அவரிடம் கொடுத்து, அருள்மலரை ஒரு மூலையில் போட்டுத் தரச் சொன்னார்கள். "மூலையில என்ன, நடுவிலயே போடுவம்" என்றார் அவர். கலியாண வீடுகளில் மாட்டுப்படாத புது வேலை என்று அவருக்கும் உற்சாகம்.

நாலாம் நாள் முதல் பிரதி தயார். சாலையின் கன்டீன் ரீ.வி.யில் போட்டுப் பார்த்தார்கள்.

இடது பக்கம் பெல்ட் ஓடியது. வலது கீழ் மூலையில், தோடம்பழம் அளவு ஓர் இதயம். இதயத்தைச் சுற்றி மினுங்கும் புறா இரண்டு. இதயத்துக்குள் அருள்மலர், சரிகைச் சேலையும் கை நிறையக் காப்புமாக. இதயம் கீழே கூராகிப் போகிற இடத்தில் அவள் கைகள் காணாமல் போயின. மேலே நெற்றி வெட்டுப்பட்டது. கீழ் விளிம்பில், அவள் படத்துக்கு மேலாக, சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று மூன்று வரி எழுத்து, மூன்று மொழியும் ஒற்றுமையாக, அவள் விரல்களை மறைத்துக்கொண்டு ஓடின. பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடக்குவதற்காக அருள்மலரின் பகுதியைப் பாக்கியரத்தினம் வேகமாக ஓடவிட்டிருந்தார். கோழி கொத்துகிற மாதிரிக் கைகள் கொத்தின.

ஐந்து பேரில் மூத்தவர் முஹம்மது தம்பி, தன் கையைக் கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அருள்மலர் சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "எப்ப சாப்பாடு போடுவினம் எண்டு கேக்கிறார் அண்ணை. கலியாண வீடாமே."

பாக்கியரத்தினத்துக்கு முகம் கறுத்தது. "கொம்பியூட்டரில இவ்வளவு வெட்டுப்படேல்லையே!"

உண்மைதான். பழைய ரீ.வி. பெட்டி எதுவும் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் மிச்சத்தைக் காட்டும். ஓரத்தோடு ஒட்டி வைத்த முழங்கை ரீ.வி.யின் வயிற்றுக்குள் போய்விட்டது. கலியாணத்தில் ஓரத்தில் நிற்பவர் மாமா முறை. வெட்டுப்பட்டால் ஒரு கோபம், அவ்வளவுதான். இங்கே முழங்கை போனால் வசனம் போச்சு.

அளவைப் பெருப்பிக்கலாம், புறாவைப் பறக்கவிடலாம், அதெல்லாம் லேசு என்றார் அவர். மக்டலின் தலையாட்டவில்லை. அவள் கண்டது வேறொரு பிழை. அதை வாயால் சொன்னாலும் கையால் சொன்னாலும் கேட்கும் மனுசருக்கு விளங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பாக்கியரத்தினத்தின் காதில் பஞ்சை வைத்து, ரீ.வி. சத்தத்தை நிற்பாட்டி, கதிரையில் இருத்தினாள். அருள்மலர் எழுதிக் காட்டினாள்: "இதயத்துக்குள்ள நான் பெருவிரலைத் தூக்கிற நேரமெல்லாம் கை உயர்த்துங்கோ. பெல்ட்டுக்குப் பக்கத்தில நிக்கிறவன் எந்தக் கையால சுவிச்சை நிப்பாட்டினவன் எண்டும் சொல்லவேணும்."

மனுசன் விரலைப் பார்த்தபோது சுவிச்சைத் தவறவிட்டார். சுவிச்சைப் பார்த்தபோது விரலைத் தவறவிட்டார். இரண்டையும் பார்க்கப்போய் ஒன்றரைக் கண்ணராகி எழும்பினார்.

பஞ்சை எடுத்தார். "இப்ப விளங்குது. காது கேக்கிறவன் கேட்டுக்கொண்டு பார்ப்பான். இவையளுக்கு ரெண்டும் கண்தான்."

மக்டலின் முதன்முதலாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையால் ஏதோ சொன்னாள். "என்னவாம்?" என்றார் அவர்.

"என்ர கையை வேகமாய் ஓடவிடாதேங்கோ, கை சொல்லேக்க படத்தில பெல்ட்டை நிப்பாட்டுங்கோ எண்டுறா."

அன்றிலிருந்து ஸ்டூடியோவின் எசமானி யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பாக்கியரத்தினத்தின் பின்சுவரில் இருந்த நீர்வீழ்ச்சிப் படம் இறங்கி, மடிப்பில்லாத கருநீலத் துணி ஏறியது. சரிகை போய், மாநிறக் கை எடுப்பாகத் தெரிகிற வெளிர்மஞ்சள் சட்டை, பூவோ கோடோ இல்லாமல். காப்பைக் கழற்றினார்கள், தலைமயிரை இழுத்துக் கட்டினார்கள். கையின் நிழல் முகத்தில் விழாமல் இரு பக்கமும் விளக்கு. தலைக்கு மேல் நாலு விரல் இடம், கீழே இடுப்பு, இரு பக்கமும் முழங்கை விரிந்தாலும் முட்டாத இடம். அருள்மலர் கையை அகல விரிக்க, மக்டலின் கமெராவின் சின்னக் கண்ணாடியில் எல்லை பார்த்தாள். "அக்கா சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரியெல்லோ பார்க்கிறா" என்று பாக்கியரத்தினம் முணுமுணுத்தார். மக்டலின் உதட்டைப் படித்துவிட்டு, ஓம் என்று தலையாட்டினாள்.

திரையில் எது எங்கே என்பதையும் அவளே ஒரு சாக்குத்தாளில் படமாகக் கீறித் தந்தாள். வலப்பக்கம் ஐந்தில் இரண்டு பங்கு மேலிருந்து கீழ்வரை அருள்மலருக்கு. மிச்சத்தில் மேலே பெல்ட். பெல்ட்டுக்குக் கீழே எழுத்து. எழுத்து அருள்மலரின் எல்லைக்குள் ஒரு நூலும் வரக்கூடாது. படம் முழுவதும் எல்லாம் தன் தன் இடத்திலேயே இருக்க வேண்டும். கண் தேடி அலையக்கூடாது. நாலு ஓரத்திலும் ரீ.வி. தின்பதற்கு வெற்றிடம்.

ஓட்டம் இன்னொரு கணக்கு. முதலில் பெல்ட் படம் உறைந்து நிற்கும். அருள்மலர் தன் சாதாரண வேகத்தில் சொல்வாள். சொல்லி முடிந்ததும் கையை இறக்குவாள். எழுத்து வரும்: இரண்டு சொல், மூன்று சொல். ஆறுதலாக வாசிக்கிற நேரம் நிற்கும். பிறகு அருள்மலர் பெல்ட்டின் பக்கம் கண்ணைத் திருப்புவாள். பார்ப்பவரின் கண்ணும் கூடவே திரும்பும். அப்போதுதான் பெல்ட் ஓடும், அப்போது கை அசையாது.

அந்தத் துணியும் விளக்கும் வாங்கிக்கொண்டு அருள்மலரோடு ஸ்டூடியோவுக்குத் திரும்பிய அன்று பாக்கியரத்தினத்தைச் சாவடியில் மறித்து, என்ன படம் என்று கேட்டார்கள். அவர் சிங்களத்தில் தடுமாற, அருள்மலர் வீடியோவின் பாடத்தைக் கையால் செய்து காட்டினாள்: நிற்பாட்டு, பூட்டு, சாவி பையில். சிப்பாய் தன் துவக்கின் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவிட்டான்.

கடைசிச் சண்டை குலசிங்கத்தோடு. பன்னிரண்டு நிமிடம் பத்தொன்பது ஆகியிருந்தது. "தேத்தண்ணி இடைவேளை பதினைஞ்சு நிமிசம்தான்!" என்றார். பிறகு எழுத்து. "மூண்டு பாசையும் வேணும், இது மேலிடத்து விசயம். கம்பனிச் சின்னமும் மூலையில நிக்கவேணும்."

மக்டலின் சொன்னாள், அருள்மலர் மொழிபெயர்த்தாள்: "சின்னத்தை முதலிலயும் முடிவிலயும் முழுத்திரையில பெரிசாய்ப் போடுவமாம் சேர், அப்பதான் மதிப்பாம். நடுவில நிண்டால் கண்ணுக்குள்ள தூசியாம். சிங்களமும் தமிழும் கீழ நிக்கட்டாம். இங்கிலிசும் கடைசியிலதானாம். பெல்ட்டில கை வைக்கிற ஆக்களில இங்கிலிசு வாசிக்கிறவை ஆரெண்டு கேக்கிறா."

குலசிங்கம் யோசித்தார். ஒருவருமில்லை. இங்கிலிஷ் வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான், அவர் பெல்ட்டில் கை வைப்பதேயில்லை.

"பத்தொன்பது நிமிசம்?"

"ஒரு கை போனால் எத்தினை நிமிசம் எண்டு கேக்கிறா சேர்."

சோதனை நாள் வந்தது. ஐந்து பேரும் தங்கள் வீடியோவை ஒரு பக்கத்து அறையில் பார்த்தார்கள். மற்ற ஐம்பத்தேழு பேர் கன்டீனில் குரல் வைத்த பழைய பன்னிரண்டு நிமிடத்தைப் பார்த்தார்கள். வழக்கம்போலக் கரண்ட் நின்றது, ஜெனரேட்டர் போட்டார்கள், ஜெனரேட்டர் கத்திய கத்தலில் வீடியோவின் வாய் மட்டும் அசைந்தது.

சோதனை மெஷினுக்கு முன்னால் செய்து காட்டுவது. மூட்டை சிக்கினால் என்ன செய்வாய்? நிற்பாட்டு, சுவிச்சில் பூட்டுப் போடு, சாவி உன் பையில், ஒருமுறை அழுத்திப் பார், பெல்ட் அசையாதா என்று, அதற்குப் பிறகே கை.

ஐந்து பேரும் ஐந்து படியும் பிசகாமல் செய்தார்கள். முஹம்மது தம்பி சாவியைப் பையில் போட்டு, பையைத் தட்டியும் காட்டினார்.

ஐம்பத்தேழு பேரில் முப்பத்தெட்டுப் பேர் அழுத்திப் பார்க்க மறந்தார்கள். அவர்களில் ஒருவன், நாலாவது பெல்ட் அலியார், பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்து, பெருமையாக நின்றான்.

குலசிங்கம் தாளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். காகிதத்தின்படி முப்பத்தெட்டுப் பேரையும் மெஷினிலிருந்து விலக்கினால் கப்பலில் பருப்பு முளைத்துவிடும். மெதுவாக வந்து அருள்மலரிடம் கேட்டார்:

"பிள்ளை, அந்தப் பத்தொன்பது நிமிசம் எங்க கிடக்கு?"

"தேத்தண்ணி நேரம் காணாதே சேர்?"

"பகிடி விடாதை பிள்ளை."

முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். ஜெனரேட்டர் கத்தியபடியே இருந்தது. ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. மாலைக்குள் முப்பத்தெட்டும் சித்தி. ஐந்து பேரின் வேலை பற்றி அதற்குப் பிறகு யாரும் மூச்சு விடவில்லை. பழைய வீடியோதான் அலுமாரிக்குப் போனது.

அடுத்த கிழமை நாலாவது பெல்ட்டில் மூட்டை சிக்கியது. பருப்புத் தூசிக்கும் இரைச்சலுக்கும் அங்காலே நின்ற அலியார், தொண்டையைத் திறக்கவேயில்லை. மக்டலினைப் பார்த்துக் கையை உயர்த்தினான்: நிற்பாட்டு. பூட்டு. பையைத் தட்டினான். இன்னொருவன் அதையே அங்கால் பெல்ட்டுக்குச் சொன்னான்.

மேற்பார்வைக்கு வந்த குலசிங்கமும் பின்தங்கக்கூடாதென்று கையை உயர்த்திப் பூட்டு என்று செய்தார். மணிக்கட்டு தவறான பக்கம் திரும்பியது.

மக்டலின் மெஷினை நிற்பாட்டினாள், பூட்டுப் போட்டாள், சாவியைப் பையில் போட்டாள், ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு வந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டு, மூன்று விரலைக் காட்டினாள்.

குலசிங்கம் எல்லோருக்கும் முன்னால் மூன்று தரம் செய்து காட்டினார்.