அமோகம் வங்கிக்கு எழுதிய கடிதம்

அந்தக் கடைத்தெருவில் குடைக்கடைக்காரரின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அமோகம் என்றால்தான் தெரியும். “வியாபாரம் எப்படிங்க?” என்று எவர் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் “அமோகம்!” என்று பதில் வந்து விழும். ஒருமுறை காய்ச்சலோடு மருத்துவரிடம் போய், “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கும் அதையே சொல்லி, மருந்தில்லாமல் திரும்பி வந்தார் என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் சொல்லுவார். இதில் பாதி கட்டுக்கதையாக இருக்கலாம். மீதிப் பாதியே அந்த மனிதருக்குப் போதுமானது.

முந்தின வருடங்களில் மழை கொட்டித் தீர்த்தது. குடைகள் பறந்தன. அதைத் தன் சொந்தச் சாமர்த்தியம் என்று அமோகம் எடுத்துக்கொண்டார். மேகத்துக்கும் அதில் ஏதோ பங்கு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நேராக வங்கிக்குப் போய்ப் பெரிய கடனாக வாங்கினார். கடையை இழுத்துக் கட்டினார், கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார், குடையும் மழைக்கோட்டும் மூட்டை மூட்டையாக இறக்கினார். கீழே கடை, மேலே வீடு என்று இருந்த கட்டிடம் அடமானத்துக்குப் போனது. கடை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டு; ஆகையால் மனைவியும் கையெழுத்துப் போட்டாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவளுடைய அண்ணன், டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.

இந்த வருடம் மழை கைவிரித்துவிட்டது. பருவம் முழுக்க ஒரே ஒரு மாலை சோவென்று பெய்தது. தெருவில் போனவர்கள் எல்லாரும் ஓடிவந்து அமோகத்தின் கடைவாசல் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். குடைக்கடை வாசலில் நின்றுகொண்டு மழை எப்போது விடும் என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்களே தவிர, ஒருவரும் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. விட்டதும் போய்விட்டார்கள். வேறு எவராக இருந்தாலும் நொந்துபோய்க் கதவைச் சாத்தியிருப்பார். அமோகம் எதிர்ச்சாரிக்கு நனைந்துகொண்டே ஓடி, அந்தக் கூட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தார். “மக்கள் வெள்ளம்! சாதனை விற்பனை!” என்று எழுதி முகநூலில் போட்டார், ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

படம் டைல்ஸ் கடைக்கும் போனது. அடுத்த வாரமே மச்சான் வந்து உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, சரக்கு எடுக்கக் கொஞ்சம் கை இறுக்கமா இருக்கு. ரெண்டு மாசத்துக்குக் கைமாத்தா குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்” என்றார். கல்லாவில் அன்றைக்குச் சில்லறைதான் கிடந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமோகம் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், “பாக்கலாம் மச்சான், பணமெல்லாம் வேற வேற இடத்துல போட்டு வெச்சிருக்கேன்” என்றார். மச்சான் தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்து வந்த தவணைகளை மனைவி தன் சீட்டுப் பணத்தை உடைத்துக் கட்டினாள். அதுவும் தீர்ந்த அன்று சொன்னாள்:

“ஏங்க, தவணை நின்னு போறதுக்கு முன்னாடி பேங்க்குக்கு எழுதிக் கேளுங்க. கடனைக் கொஞ்சம் மாத்திக் குடுப்பாங்களாம். நின்னதுக்கு அப்புறம் போனா நம்ம பேச்சு எடுபடாது. வீடு போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன், உங்க குடைக்குக் கீழயா?”

அமோகம் ஒரு நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுதினார் ஐயா, நான்கு பக்கம்! முதல் பக்கம் கடை பிறந்த வரலாறு. இரண்டாம் பக்கம் அதன் புகழ். மூன்றாம் பக்கத்தில் “எமது நிறுவனம் வெற்றிநடை போட்டுவரும் இவ்வேளையில்” என்று தொடங்கி, நான்காம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, தவணை விஷயத்தில் வங்கி “சிறிது இளைப்பாறுதல்” தந்தால் மகிழ்ச்சி என்று முடித்திருந்தார். மனைவியிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

வங்கியின் கடன் பிரிவில் இருந்தவர் இளவயதுப் பெண் அதிகாரி. முகத்தில் சிரிப்புமில்லை, கடுப்புமில்லை. நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

“சார், இதைப் படிச்சா உங்களுக்கு இன்னொரு லோன் குடுக்கணும் போல இருக்கு. இதுல கஷ்டம் எங்க இருக்கு?”

“அது... கடைசியில இருக்கு மேடம்.”

“இளைப்பாறுதலா?”

அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். மக்கள் வெள்ளம். சாதனை விற்பனை.

“ரெண்டு மூணு மாசம் முன்னாடிதான் இதைப் போட்டிருக்கீங்க. இந்த மாசம் தவணை கட்ட முடியலைங்கறீங்க. மேலிடத்துல எதை நம்புவாங்க?”

அமோகம் நான்கு பக்கத்தையும் திரும்ப எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே சொன்னார். போன வருடமும் இந்த வருடமும் மாதவாரியாக விற்பனை எவ்வளவு, கையில் சரக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி, இனி வரும் மாதங்களில் என்ன வரும் என்ன போகும், எல்லாம் வேண்டும். விற்பனை ஏன் விழுந்தது, திரும்ப எப்படிக் கட்டப்போகிறார் என்பதைக் கடிதத்தில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால், கொஞ்ச காலத்துக்கு வட்டியை மட்டும் கட்டி, அசலைத் தள்ளிப்போட்டு, கடன் காலத்தை நீட்டித்துத் தரப் பரிந்துரை செய்யலாம், முடிவு மேலிடத்துடையது.

“ஆனா வட்டி மொத்தத்துல கூடும். கணக்குல மறுசீரமைப்புன்னு பதிவாகும். கொஞ்ச நாளைக்குப் புதுசா கடன் கிடைக்கறது கஷ்டம். இன்னொண்ணு, நிபந்தனை மாறுறதால ஜாமீன்தாரர் சம்மதக் கையெழுத்து கண்டிப்பா வேணும். அவர் உங்களுக்கு என்ன உறவு?”

“மச்சான்” என்றார் அமோகம்.

வீட்டில் இரண்டாவது கடிதம் தயாரானது. மனைவி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதினார் என்பதைவிட ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நின்றார் என்பதே சரி.

“விற்பனை பாதிக்கும் கீழ போயிடுச்சுன்னு எழுதுங்க.”

“எதிர்பார்த்த உயரத்தைத் தொடலைன்னு போடுறேனே.”

“எந்த உயரம்? பரண் உயரமா? அங்கதான் இடம் இல்லாம மழைக்கோட்டு கிடக்கு.”

பாதிக்கும் கீழே என்று எழுதப்பட்டது. வாடகைக் கிடங்கைக் காலி செய்வோம், பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவோம், மழையை நம்பாமல் பைகளையும் வைப்போம் என்பவையும் எழுதப்பட்டன. தள்ளுபடி என்ற சொல்லை எழுதும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கடிதம் முக்கால் பக்கத்தில் முடிந்தது. கடிதத்தோடு இணைத்த கணக்குகளின் கூட்டல்களை அவள் இருமுறை சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அவர் தொட்ட எந்தத் தாளையும் அவள் அப்படித்தான் சரிபார்ப்பாள். கல்யாணம் ஆன புதிதில் அவர் கணக்கை நம்பிப் பட்ட பாடு அது.

மறுநாள் இருவரும் டைல்ஸ் கடைக்குப் போனார்கள். மச்சான் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“பலே மாப்பிள்ளை. பணத்தை வேற வேற இடத்துல பத்திரமா போட்டு வெச்சுட்டு, பேங்க்குல பஞ்சப்பாட்டு. நாளைக்கு நீங்க கட்டலைன்னா என் கழுத்துல துண்டு போடுவான். நான் அன்னிக்கு வந்து கேட்டேனே, ஒரு பைசா அசைஞ்சுதா?”

“அண்ணே, நிஜமாவே வியாபாரம் இல்ல” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரும்மா. நானே பாத்தேனே, கடை வாசல்ல நிக்க இடமில்ல!” மச்சான் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை நீட்டினார். “இது யாரு, கல்யாண ஊர்வலமா?”

அவமானம் என்பது இதுதான். செல்வந்தர் என்று ஊரை நம்பவைக்க ஆயுசு முழுக்கப் பாடுபட்டவர், ஓட்டாண்டி என்று ஒரே ஒரு மச்சானை நம்பவைக்க முடியாமல் நின்றார். அமோகம் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையில் பரப்பியிருந்த டைல்ஸ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

“மச்சான்” என்றார். “அவங்க மழைக்கு ஒதுங்கினவங்க.”

“என்னது?”

“மழைக்கு ஒதுங்கினாங்க. ஒருத்தரும் வாங்கலை. நான்தான் படம் எடுத்துப் போட்டேன்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நீங்க கேட்டப்போ குடுக்கக்கூடாதுன்னு இல்ல. இல்ல மச்சான். அப்பவே கையில ஒண்ணும் இல்ல. இல்லன்னு சொல்ல வாய் வரல.”

கடைப்பையன்கள் இருவரும் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மச்சான் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். பெரிதாக்கினார். கூட்டத்தில் ஒருவர் கையிலும் குடை இல்லை. எல்லா முகமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அட கிராதகா” என்றார் மெதுவாக, மரியாதையையும் மறந்து. பிறகு கோபம் வந்தது. “இந்த ஒரு வார்த்தையை அன்னிக்குச் சொல்லியிருந்தா, டீயைக் குடிச்சிட்டு, நானும் கஷ்டத்துலதான் இருக்கேன்னு ரெண்டு பேரும் அழுதுட்டுப் போயிருப்போமே! இத்தனை நாளா என் தங்கச்சி வீட்டுப் பக்கம் வராம இருந்தேனேய்யா!”

திட்டிக்கொண்டேதான் வங்கிக்கு வந்தார். திட்டிக்கொண்டேதான் கையெழுத்தும் போட்டார்.

கேட்டதில் முக்கால்வாசியை வங்கி மேலிடம் கொடுத்தது. அசலுக்கு அவகாசம் அவர்கள் கேட்டதைவிடக் குறைவு, நிபந்தனையும் கூட வந்தது: மாதாமாதம் விற்பனையும் சரக்கிருப்பும் எழுதி, கூட்டாளிகள் இருவரும் கையெழுத்திட்டு வங்கிக்குத் தர வேண்டும். வீடு தப்பித்தது, அமோகம் மாட்டிக்கொண்டார். தெருவில் இன்றைக்கும் அமோகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அந்த வாயை எந்த வங்கியாலும் மறுசீரமைக்க முடியாது. “தள்ளுபடி” அட்டையைக்கூட “வாடிக்கையாளர் பாராட்டு விழா” என்று மாற்றி எழுதித்தான் தொங்கவிட்டார்.

ஆனால் முதல் மாதக் கணக்கை அவர் தனியாகவே எழுதினார். அந்த மாதமும் பருவம் தப்பி மழை ஒரு நாள் பெய்தது, கூட்டமும் ஒதுங்கியது. அவர் கைப்பேசியைத் தொடவில்லை. விற்பனைக் கட்டத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. பார்க்கவே பரிதாபமான எண்.

மனைவி தாளை வாங்கினாள். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அமோகம் அவளிடமிருந்து பேனாவை வாங்கி மூடினார். அவர் கீழே கடைக்கு இறங்கிய பிறகு அவள் அந்தத் தாளை மறுபடி எடுத்து, பழக்க தோஷத்தில், ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.