என் பங்கும் ஈடாக

காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அலுவலகத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் எழுந்து, துறைமுகப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் அக்காவின் கடிதம். பதிவுத் தபாலில் இரண்டு முறை அனுப்பியும் ஆள் இல்லையென்று திரும்பிவிட்டதாம். கடைசியில் கப்பல்துறையில் நான் கல் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே அத்தான் கொண்டுவந்து தந்தார்.

அம்மா அப்பா விட்டுப்போன, இப்போது அக்கா குடியிருக்கும் வீட்டில் எங்கள் மூவருக்கும் சம பங்கு. மதிப்பீட்டாளர் போட்ட விலைக்கு அண்ணனின் பங்கையும் என் பங்கையும் தான் வாங்குவதாக அக்கா எழுதியிருந்தாள். அது ஏலாவிட்டால் வீட்டை விற்று மூன்றாகப் பிரிப்போமாம். அந்த வீடு அவளுக்குச் சீதனம் என்று அப்பா வாயால் சொன்னவர், உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லை.

அலுவலகத்தில்தான் சிக்கல் தெரிந்தது. அவளுக்குக் கிடைக்கும் கடன் ஒரு பங்குக்கே காணும். பிரிக்காத பங்கை மட்டும் ஈடாக வைத்தால் வங்கி அதையும் தராது. நானும் ஈட்டு உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணன் காசோடு போவார்; என் பங்குக் காசை அக்கா பிறகுதான் தருவாள். அக்கா தவணை கட்டாவிட்டால் என் பங்கும் சேர்ந்து ஏலத்துக்குப் போகும்.

"இந்த மாதத்துக்குள்ள முடியுங்கோ. இல்லாட்டி என்ட பங்கை, வீட்டைக் கேட்டுத் திரியிற ஹோட்டல்காரனுக்கு எழுதிடுவன். பிறகு அவன் பிரிவினை வழக்குப் போடுவான்" என்றார் அண்ணன். என் காசில் ஓட்டோ ஒன்று வாங்க நினைத்திருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள்.

"எங்கயடா போறாய்?"

"யோசிக்க."

"இவ்வளவு காலமா ஊர் ஊராத் திரிஞ்சு யோசிச்சது காணாதோ?"

"உனக்குக் கட்ட ஏலாமப் போனா?"

"நானும் பிள்ளைகளும் றோட்டில. நீ இப்பவே றோட்டிலதானே நிக்கிறாய், உனக்கென்ன புதுசு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

திரும்பிப் போனோம். நொத்தாரிசு ஈட்டுக்கான சம்மதக் கடிதத்தை நீட்டினார். "வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ தம்பி. கடன் முடியுமட்டும் உங்கட பங்கைத் தனியா விக்கிறது கஷ்டம்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"என்ன, சோதினையே எழுதுறாய்?" என்றார் அண்ணன்.

"ஒரு வரி சேருங்கோ," என்றேன். "அக்கா எனக்குக் காசு தாற அண்டைக்கு வீடு என்ன விலையோ, என்ட பங்குக்கு அந்த விலை."

அக்காவின் முகம் கறுத்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டே போவது அவளுக்குத் தெரியும். பிறகு, "ஓம், எழுதுங்கோ" என்றாள்.

கையெழுத்து வைத்தேன். அண்ணன் பின்னேர பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். அக்கா சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் காலை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். நாட்கூலி.